சில நேரம் மட்டும் வாற பக்கைப் பிடிக்கிறது எப்பிடி? ஒரு நெல் ஸ்ரோர் கணக்கை வைச்சுக் கேள்வி பதில்

சொஃப்ட்வெயார் சில நேரம் பிழைக்குது எண்டுறாங்கள். நான் போய் நிண்டு பாத்தா ஒழுங்கா வேலை செய்யுது. எங்க தொடங்குறது?

முதல்ல அந்த "சில நேரம்" எண்ட சொல்லை விடவேணும். போன் எடுக்கிற ஆள் அப்பிடித்தான் சொல்லுவார், அவரில பிழையில்லை, ஆனா நீங்களும் அதையே சொல்லிக்கொண்டு திரிஞ்சா ஒண்டும் நடக்காது. எத்தினை தரம், எந்தெந்த நாள், எத்தினை மணி எத்தினை நிமிசம், எந்த மெசின், ஆர் நிண்டது, எந்த பில் நம்பர், இதை ஒரு கொப்பியில எழுதத் தொடங்குங்கோ, எக்செல் எல்லாம் பிறகு பாப்பம். நான் கண்ட அளவில, நாலஞ்சு சம்பவம் வரிசையா எழுத முதல் ஆரும் காரணம் சொன்னா அது ஊகம்தான், அதைச் சொன்னது நானா இருந்தாலும்.

திரும்பச் செய்து பாக்க முயற்சி செய்யிறதில நாள்க்கணக்கா மினக்கெட வேண்டாம். அரை நாள் முயற்சி செய்யுங்கோ, வரேல்லையெண்டா உங்கட வீட்டு லப்டொப்பில இல்லாத ஏதோ ஒண்டு அங்க இருக்கு எண்டு அர்த்தம். அது என்னவெண்டு யோசிச்சுக் கண்டுபிடிக்க ஏலாது, அந்த இடத்திலயே பதிவு வைச்சுத்தான் பிடிக்கலாம்.

உங்களுக்கு அப்பிடி நடந்ததை முழுக்கச் சொல்லுங்கோவன்.

பரந்தன் பக்கம் ஒரு நெல் ஸ்ரோர், பேர் வேண்டாம். பெரும்போக அறுவடை நேரம் அவைக்கு ஒரு நாளைக்கு 300 நிறுவை அளவில வரும், காலமை எட்டில இருந்து பின்னேரம் நாலு மட்டும் உழவு மெசின் பெட்டி வரிசையா நிக்கும். தராசடியில ரெண்டு டேப், மூட்டையை நிறுத்து கிலோவை அடிச்சு, விவசாயியின்ர கையெழுத்தை ஸ்கிரீனில வாங்கி "சேமி" எண்டதை அமத்தினா ஒபிஸில இருக்கிற கொம்பியூட்டருக்குப் போய் துண்டு பிரிண்ட் ஆகும். அந்தக் கொம்பியூட்டர்தான் சேவர், உள்ளுக்க MySQL. வைஃபை ஸ்ரோருக்குள்ள மட்டும்தான், இன்டர்நெட் இணைப்பு இல்லை. இதை ஞாபகம் வைச்சிருங்கோ, பிறகு தேவைப்படும்.

பிரச்சினை என்னெண்டா, சில நாளில ஒரே நிறுவை ரெண்டு தரம் பதிஞ்சிருக்கும். அதே விவசாயி, அதே கிலோ, ரெண்டு பில். கணக்கில நெல் கூட, ஸ்ரோரில மூட்டை குறைவு. மூட்டை குறைஞ்சா முதலாளி முதல் பாக்கிறது தராசடியில நிண்ட பிள்ளையைத்தான், சொஃப்ட்வெயாரை இல்லை. "ரெண்டு தரம் அமத்திப்போட்டு இல்லையெண்டுறாள்" எண்டு எனக்கு முன்னாலயே சொன்னார். நானும், உள்ளதைச் சொன்னால் என்ன, முதல்ல அப்பிடித்தான் நினைச்சன். ரெண்டு பதிவுக்கும் இடையில 10 செக்கன் வித்தியாசம் இருந்தது, கை தவறி ரெண்டாந்தரம் அமத்தினது போலத்தான் தெரியும்.

ஆனா ஆறு சம்பவத்தை வரிசையா எழுதிப் பாக்க ஆறிலயும் அந்த இடைவெளி 10 செக்கன் தான். ஒண்டில 10, ஒண்டில 11, திரும்ப 10. மனிசர் கை தவறி அமத்தினா ஒருக்கா ரெண்டு செக்கன், ஒருக்கா இருபது செக்கன் எண்டுதான் வரும். இப்பிடி அச்சில வார்த்த மாதிரி 10 வந்தா அது மெசினின்ர வேலை. என்ர கோடைத் திறந்து பாத்தன்: பத்து செக்கனுக்குள்ள சேவரிட்ட இருந்து பதில் வராட்டி டேப் தானாத் திரும்ப அனுப்பும் எண்டு நானே ரெண்டு வருசத்துக்கு முன்னம் எழுதி வைச்சிருக்கிறன்!

அப்ப காரணம் கிடைச்சிட்டுது தானே? அந்த ரீட்றையை எடுத்து விட்டா முடிஞ்சுது.

பாதிதான் கிடைச்சுது. திரும்ப அனுப்பினதாலதான் ரெண்டாச்சு எண்டது சரி, ஆனா ஒரு வரி எழுதிற வேலைக்கு ஏன் பத்து செக்கன் தாண்டிச்சுது? வழமையா அது கண் மூடித் திறக்க முதல் முடியும். ரீட்றையை எடுத்து விட்டா ரெண்டு பில் வராது, அதுக்குப் பதிலா "அனுப்ப முடியவில்லை" எண்டு காட்டும், பிள்ளை திரும்பக் கையால அடிப்பா, முதலாவதும் உள்ளுக்க போயிருக்கும், திரும்ப ரெண்டு பில். அதுவும் இந்தமுறை உண்மையாவே ஆள் அடிச்ச ரெண்டு. அதால அந்த பத்து செக்கன் எங்க போச்சு எண்டு தேடவேண்டி வந்தது.

லொக்கில என்னத்தை எழுதிறது? எல்லாத்தையும் எழுதினா நல்லதோ?

எல்லாத்தையும் எழுதினா வாசிக்க ஏலாது. ஒரு நிறுவை டேப்பில தொடங்கி டேப்புக்குத் திரும்பி வாற வரைக்கும் எந்தெந்த வாசலுக்கால போகுது எண்டு பாத்து, ஒவ்வொரு வாசலிலயும் ஒரு வரி. எனக்கு வாசல் அஞ்சு: அமத்தினது, டேப் அனுப்பினது, சேவருக்கு வந்து சேந்தது, டேட்டாபேஸில பதிஞ்சு முடிஞ்சது, டேப்புக்குப் பதில் வந்தது. (எங்கட பேச்சில log உம் lock உம் ஒரே மாதிரி "லொக்" எண்டு வரும், கீழ lock வாற இடத்தில பூட்டு எண்டே எழுதிறன், குழம்பாதேங்கோ.)

இந்த அஞ்சு வரியும் ஒரே நிறுவையின்ரதுதான் எண்டு தெரியவேணும். அதுக்கு அமத்தின அந்தக் கணத்திலயே டேப்பில ஒரு ஐடி உருவாக்கி, அது போற இடமெல்லாம் கூடவே போகவேணும். இதில நான் முதல் விட்ட பிழை, அனுப்புற பங்ஷனுக்குள்ள ஐடியை உருவாக்கினது. திரும்ப அனுப்பேக்க புது ஐடி, அப்ப லொக்கில பாத்தா ரெண்டு வேற வேற நிறுவை மாதிரித்தான் தெரியும். அமத்தின இடத்தில ஒரே ஒருக்கா உருவாக்கி, எத்தினையாவது முயற்சி எண்டதை வேறயா எழுதுங்கோ. நாலு நாள் கழிச்சு வந்த ஒரு சம்பவம் சேவர் லொக்கில இப்பிடி இருந்தது:

```
10:00:02.118 +05:30 id=7f3a try=1 tab=B recv
10:00:12.164 +05:30 id=7f3a try=2 tab=B recv
10:00:14.031 +05:30 id=7f3a try=1 tab=B commit
10:00:14.037 +05:30 id=7f3a try=2 tab=B commit
```

வடிவாப் பாருங்கோ. முதலாவது 02 இல வந்து சேந்திட்டுது, அப்ப வைஃபையில பிழையில்லை. பன்னிரண்டு செக்கன் சேவருக்குள்ளயே நிண்டிருக்கு. ரெண்டாவது 12 இல வந்து அதுவும் நிண்டிருக்கு. பிறகு ரெண்டும் ஒரே மூச்சில, ஆறு மில்லி செக்கன் வித்தியாசத்தில பதிஞ்சிருக்கு. ஏதோ ஒரு கேற் பூட்டியிருந்து 14 இல திறந்து விட்ட மாதிரி, ரெயில் போய் முடிய ஏ9 கடவையில நிண்ட வாகனமெல்லாம் ஒண்டாப் போறது போல. இந்த நாலு வரி வர முதல் நான் வைஃபை அன்ரனாவை ரெண்டு தரம் இடம் மாத்திப் பூட்டினன், காசும் செலவு.

டேப் முதலாவது முயற்சியை கைவிட்டிட்டுதெண்டு சேவருக்குத் தெரியாது எண்டதையும் இதில காணலாம். டேட்டாபேஸ் பதிலுக்காக நிக்கிற கோட், வெளியில ஆள் போயிட்டுதோ எண்டு பொதுவாத் திரும்பிப் பாக்கிறதில்லை, அது தன்ர வேலையை முடிச்சுத்தான் விடும்.

ஒண்டு, அடையாள அட்டை நம்பர், பாங்க் எக்கவுண்ட் நம்பர் இதுகளை லொக்கில எழுதாதேங்கோ. ஐடி காணும்.

டேப்பில ஒரு நேரம், சேவரில ஒரு நேரம் காட்டுது. எதை நம்புறது?

இதில எனக்குக் கனநாள் போச்சு. பில்லில விழுற நேரம் டேப்பின்ர நேரம். முதல் ஆறு சம்பவத்துக்கும் என்னட்ட இருந்தது அந்த நேரம்தான்: 10:01, 13:56, 9:01, 12:02, 15:01, 10:56 இப்பிடி. எனக்கு இதில ஒரு ஒழுங்கும் தெரியேல்ல. உங்களுக்குத் தெரியுதோ?

டேப்புக்கு இன்டர்நெட் இல்லையெண்டு சொன்னன் தானே, அதால அதுகள் நேரத்தைத் தானாத் திருத்திக்கொள்ள வழியில்லை. டேப் ஏ மூண்டு நிமிசம் நாப்பது செக்கன் பிந்தி ஓடினது, டேப் பி ஒண்டு அம்பத்திரண்டு முந்தி ஓடினது. 1996 இல இருந்து 2006 வரைக்கும் கொழும்பு நேரத்தை மாத்தி வைச்சிருக்க வன்னிக்குள்ள பழைய நேரத்திலயே இருந்தது ஞாபகமிருக்கும் பெரியாக்களுக்கு, ஓமந்தை தாண்டினா அரை மணித்தியாலம் வித்தியாசம், "பழைய நேரமோ புது நேரமோ" எண்டு கேட்டுத்தான் பஸ் பிடிக்கிறது. அதே கதைதான் இஞ்ச, என்னெண்டா ஆரும் "எந்த நேரம்" எண்டு கேக்கேல்ல.

எவ்வளவு வித்தியாசமெண்டு அளக்கிறது சுகம். டேப் அனுப்பேக்க தன்ர நேரத்தையும் சேத்து அனுப்பட்டும், சேவர் வாங்கேக்க தன்ர நேரத்தைப் பக்கத்தில எழுதட்டும். ரெண்டையும் கழிச்சா வாறதுக்குள்ள மணிக்கூட்டு வித்தியாசமும் இருக்கும், வழியில போன நேரமும் இருக்கும். ஒரு நாளில நூறு இருநூறு ரிக்வெஸ்ட் பாத்து அதில ஆகச் சின்ன கழித்தலை எடுங்கோ, அதில வழி நேரம் ஆகக் குறைவு, அப்ப அது கிட்டத்தட்ட மணிக்கூட்டு வித்தியாசம் தான். சராசரி எடுக்காதேங்கோ, ஒரு ரிக்வெஸ்ட் தடங்கினாலே சராசரி கெட்டுப்போகும்.

அளந்த உடன டேப்பின்ர நேரத்தைத் திருத்த ஓடவும் வேண்டாம், பக்கைப் பிடிக்கிற வரைக்கும் அப்பிடியே விடுங்கோ. நடுவில திருத்தினா திருத்த முதல் எழுதின லொக் ஒரு கணக்கு, பிறகு எழுதினது இன்னொரு கணக்கு எண்டு ஆகும்.

கழிச்சுப் பாத்தா எல்லாம் மணிக்குப் பக்கத்தில வந்து விழுந்தது. 10:01:54 எண்டு டேப் பி சொன்னது உண்மையில 10:00:02. 13:56:23 எண்டு டேப் ஏ சொன்னது 14:00:03. பழைய ஆறில மிச்சம் எல்லாம் அவ்வளவு துல்லியமா வரேல்ல, டேப்பின்ர மணிக்கூடு நாளுக்கு நாள் கொஞ்சங் கொஞ்சமா நகருறது தானே, ஆனா எல்லாம் முழு மணிக்கு அரை நிமிசத்துக்குள்ள நிண்டது. புது லொக்கில பிடிச்ச மூண்டும் முழு மணியில இருந்து முதல் நாலு செக்கனுக்குள்ள.

எத்தினை செக்கன் எடுத்தது எண்ட கணக்கை ரெண்டு மணிக்கூட்டைக் கழிச்சுச் செய்யாதேங்கோ, ஒரே மெசினுக்குள்ள அளவுங்கோ. இன்னொரு கண்ணி: சேவர் வெளிநாட்டில எங்கயும் வாடகைக்கு எடுத்ததெண்டா அது UTC இல எழுதும், எங்கட நேரம் அதுக்கு 5:30 முந்தி. அங்க மணிக்கு ஒருக்கா ஓடுற வேலை எங்கட நேரத்தில அரை மணியில வந்து நிக்கும், 9:30, 10:30 எண்டு, நீங்கள் முழு மணியைப் பாத்துக்கொண்டிருந்தா காணமாட்டியள். அதால லொக்கில ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்தில `+05:30` எண்டு எழுதி வைக்கிறன்.

மழை நாளிலதான் வருது, அந்த ஒரு டேப்பிலதான் வருது எண்டு ஆளாளுக்குச் சொல்லுறாங்கள். கேக்கிறதா விடுறதா?

கேளுங்கோ, எழுதுங்கோ, ஆனா பிழை வராத நேரத்தையும் பக்கத்தில வைச்சுப் பாருங்கோ. எங்களுக்கு ஒன்பது சம்பவத்தில ஏழு டேப் பியில. உடனே எல்லாரும் டேப் பியை மாத்து எண்டாங்கள். ஆனா பி நிக்கிறது பெரிய தராசில, நாலில மூண்டு பங்கு நிறுவை அதிலதான் போகுது. அப்ப ஒன்பதில ஏழு அதில விழுறது எதிர்பாக்கிற அளவுதானே. மழையும் அப்பிடித்தான், அந்த மாசம் பாதி நாள் தூறிக்கொண்டுதான் இருந்தது, தூறின நாளில பாதி சம்பவம் எண்டு வந்தா அதில சேதி ஒண்டும் இல்லை.

முழு மணி எண்டது அப்பிடி இல்லை. ஒரு மணித்தியாலத்தில முதல் நாலு செக்கன் எண்டது 3600 இல 4. அந்த இடுக்கில மூண்டுக்கு மூண்டும் தற்செயலா விழாது. ஒடுக்கி ஒடுக்கிக் கொண்டு போறது எண்டுறது இதைத்தான், பிழை வந்த எல்லாத்திலயும் இருந்து, வராததில அருமையா மட்டும் இருக்கிற நிலைமை எது எண்டு தேடுறது.

தராசடியில நிண்ட பிள்ளையிட்ட இதுக்கெல்லாம் முதல் கேட்டிருக்கவேணும். பிறகு கேக்கத்தான் சொன்னா, "அண்ணை, இடைக்கிடை அந்த வட்டம் சுத்திக்கொண்டே நிக்கும், நான் கைய வைக்கிறதே இல்லை, வரிசையில நிக்கிறவை கத்துவினம்". பன்னிரண்டு செக்கன் காத்திருப்பை அவ கண்டிருக்கிறா, ஒருத்தரும் கேக்கேல்ல.

கிழமைக்கு ரெண்டு தரம் வாற பிழைக்கு எத்தினை மாசம் காவல் இருக்கிறது?

பிழையை மட்டும் பாத்துக்கொண்டு இருந்தா கனநாள் ஆகும். பிழை ஆகப் பாத்துத் தப்பினதுகளைப் பாருங்கோ. பத்து செக்கன் தாண்டினாத்தான் ரெண்டு பில் வரும், ஆனா மூண்டு செக்கன், ஆறு செக்கன், ஒன்பது செக்கன் நிண்டு தப்பினதுகள் ஆரின்ர கண்ணிலயும் படாது, ஏனெண்டா விளைவு சரி. நான் செய்தது, ரெண்டு செக்கனுக்கு மேல எடுத்த எல்லா ரிக்வெஸ்டையும் லொக்கில இருந்து தனியா எடுத்தன். ஒரே கிழமையில அஞ்சாறு கிடைச்சுது, எல்லாம் முழு மணியில இருந்து முதல் பதினாலு செக்கனுக்குள்ள வந்ததுகள், எல்லாம் பதினாலாவது செக்கனில விடுபட்டதுகள். 07 இல வந்தது ஏழு செக்கன் நிண்டது, 11 இல வந்தது மூண்டு செக்கன் நிண்டது. அப்ப கேற் மணிக்கு மணி பூட்டி பதினாலு செக்கன் கழிச்சுத் திறக்குது எண்டது கணக்காத் தெரிஞ்சிட்டுது.

மணிக்கு மணி அந்தச் சேவரில ஓடுறது என்ன? பாத்தன்:

```
0 * * * * mysqldump nelstore > /mnt/usb/nel.sql
```

பேக்கப். இதையும் எழுதினது நான்தான். ஒருக்கா கரண்ட் போய் கொம்பியூட்டர் எழும்பாமப் போக, முதலாளி பயந்துபோய் மணிக்கு ஒருக்கா பென்ட்ரைவில எடு எண்டு கேட்டார், போட்டுக் குடுத்தன். `mysqldump` சும்மா ஓடவிட்டா தொடங்கேக்கயே அந்த டேட்டாபேஸில இருக்கிற ரேபிள் எல்லாத்தையும் எழுத விடாமப் பூட்டிப்போட்டுத்தான் வாசிக்கும். MySQL இல வழமையா வாற InnoDB வகை ரேபிள் எண்டா வாசிச்சு முடியும் வரைக்கும் புது வரி ஒண்டும் உள்ளுக்க போகாது, வெளியில நிக்கும்.

அப்ப முதல் ரெண்டு போகமும் ஏன் ஒண்டும் நடக்கேல்ல? உங்கட வீட்டில ஏன் வரேல்ல?

வீட்டில பேக்கப் ஓடேல்ல, கையெழுத்துப் படமும் பத்துப் பதினைஞ்சுதான். ஸ்ரோரில ஒவ்வொரு நிறுவையோடயும் 15 கிலோபைற் அளவில ஒரு கையெழுத்துப் படம் ரேபிளுக்குள்ளயே கிடக்கு, மூண்டாவது போகத்தில 48,000 நிறுவை தாண்டிட்டுது, 700 மெகாபைற்றுக்கு மேல. ஆரம்பத்தில பேக்கப் ஒரு செக்கனில முடிஞ்சிருக்கும், பூட்டினதும் திறந்ததும் ஆருக்கும் தெரியாது. நெல் கூடக் கூட அது அஞ்சு, எட்டு எண்டு ஏறி, 10 செக்கனைத் தாண்டின அண்டைக்குத்தான் முதல் ரெட்டை பில். கோடில ஒரு எழுத்தும் மாறேல்ல, "என்னத்த மாத்தினனீ" எண்டு கேட்டா ஒண்டுமில்லை எண்டுதான் சொல்லியிருப்பன்.

காரணம் இதுதான் எண்டு எப்ப நிச்சயமாச் சொல்லலாம்?

நான் ரெண்டு சோதினை வைச்சன். முதலாவது கணக்கு. பூட்டு 14 செக்கன், டேப் பொறுக்கிறது 10, அப்ப மணிக்கு முதல் 4 செக்கனுக்குள்ள வந்தாத்தான் ரெட்டை. எட்டு மணித்தியாலத்தில அது 32 செக்கன். 300 நிறுவை எட்டு மணித்தியாலத்தில எண்டா 96 செக்கனுக்கு ஒண்டு. 32 ஐ 96 ஆல பிரிச்சா மூண்டில ஒண்டு, அதாவது மூண்டு நாளைக்கு ஒருக்கா, ஆறு நாள் கிழமைக்கு ரெண்டு. நடந்ததும் கிழமைக்கு ரெண்டு. இந்தக் கணக்கு கிழமைக்கு இருபது எண்டு வந்திருந்தா, காரணம் எவ்வளவு வடிவா இருந்தாலும் நான் இன்னும் தேடியிருப்பன்.

ரெண்டாவது, வேணுமெண்டு வரப்பண்ணிப் பாக்கிறது. வீட்டில ஒரு பக்கத்தில MySQL ஐத் திறந்து நானே பூட்டினன்:

```
LOCK TABLES nirai READ;
```

டேப்பில சேமி எண்டதை அமத்தி, பன்னிரண்டு செக்கன் எண்ணி, `UNLOCK TABLES;` அடிச்சன். ரெண்டு பில். திரும்ப, ரெண்டு பில். எட்டு செக்கனில திறந்தன், ஒரு பில். இவ்வளவு நாளும் வராதது இப்ப கூப்பிட்டா வருது, அதோட வராதே எண்டா வராமலும் நிக்குது. இந்த ரெண்டாவதையும் கட்டாயம் செய்து பாருங்கோ.

லொக் போட்ட உடன பக் காணாமப் போச்சு. இப்ப என்ன செய்யிறது?

அது எனக்கு இந்தக் கேசில நடக்கேல்ல, செக்கன் கணக்கில பூட்டுற விசயத்துக்கு ஒரு வரி எழுதிற நேரம் பெரிசில்லை. ஆனா மில்லி செக்கனில ரெண்டு வேலை முட்டுப்படுற பக் எண்டா, லொக் எழுதப் போற அந்தச் சின்ன நேரமே முட்டுப்படாமப் பண்ணிவிடும். அப்பிடி மறைஞ்சா அதுவே ஒரு துப்பு, நேரம் சம்பந்தமான பக் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. லொக்கை உடன டிஸ்கில எழுதாம மெமறியில சேத்து வைச்சு, பிழை வந்தாப் பிறகு இறக்குங்கோ. ஆனா எங்கட கரண்டை நம்பி மெமறியில கனக்க வைக்கவும் ஏலாது, யூபிஎஸ் இல்லாத இடமெண்டா கடைசி வரியள் போயிடும்.

லொக் ஃபைல் பழசை எத்தினை நாளில அழிக்குது எண்டும் பாருங்கோ. எனக்கு ஏழு நாளில அழிஞ்சது, மாசக் கடைசியில கணக்குப் பாக்கேக்கதான் ரெட்டை பில் தெரியவரும், அப்ப லொக் இல்லை. நாப்பத்தைஞ்சு நாளாக்கினன்.

எப்பிடித் திருத்தினீங்கள்?

ரெண்டு இடத்தில. ஒரே ஐடி ரெண்டாந்தரம் வந்தா டேட்டாபேஸே விடக்கூடாது:

```
ALTER TABLE nirai ADD COLUMN req_id VARCHAR(64) NULL, ADD UNIQUE KEY (req_id);
```

பழைய வரியளில அந்த இடம் NULL, அது எத்தினை இருந்தாலும் MySQL ஒண்டும் சொல்லாது, பயமில்லாமப் போடலாம். ரெண்டாவதா வாறதை மறிச்சாப் பிறகு டேப்புக்கு "பிழை" எண்டு சொல்லாதேங்கோ, முதலாவதின்ர பில் நம்பரையே "சரி" எண்டு திருப்பிக் குடுங்கோ, இல்லாட்டி பிள்ளை திரும்பக் கையால அடிப்பா. பிறகு பேக்கப்பை மாத்தினன்:

```
mysqldump --single-transaction nelstore > /mnt/usb/nel.sql
```

இது பூட்டாமலே ஒரு கணத்தில இருந்த நிலையை வாசிக்கும், InnoDB ரேபிளுக்கு மட்டும்.

ரெண்டையும் ஒரே நாளில போடேல்ல, அது வேணுமெண்டு செய்தது. முதல் ஐடி மறிப்பை மட்டும் போட்டு, பேக்கப்பைப் பழையபடி பூட்டவே விட்டன். மூண்டாம் நாள் 11:00:03 இல வந்த நிறுவைக்கு லொக்கில `dup` எண்டு ஒரு வரி, பில் ஒண்டுதான். கேற் பூட்டினது, டேப் திரும்ப அனுப்பினது, மறிபட்டது, எல்லாம் கண்ணால கண்டாச்சு. அதுக்குப் பிறகுதான் பேக்கப்பில கை வைச்சன்.

ஒரு கிழமையா வரேல்ல. திருந்திட்டுது எண்டு சொல்லலாமோ?

கிழமைக்கு ரெண்டு வாறதெண்டா, ஒண்டும் செய்யாமலே ஒரு கிழமை வராம இருக்கிறது ஏழு தரத்தில ஒரு தரம் நடக்கும். எத்தினையோ பக் அப்பிடித்தான் "திருத்தப்பட்டது". ஒரு சுகமான அளவு: சராசரியா எத்தினை நாளைக்கு ஒருக்கா வந்ததோ அதின்ர மூண்டு மடங்கு நாள் பாருங்கோ, அப்பவும் வரேல்லையெண்டா தற்செயலா இருக்க இருபதில ஒரு பங்கு சந்தர்ப்பம் தான். எங்களுக்கு ஒன்பது வேலை நாள். அதுவும் அதே 300 நிறுவை வாற நாளா இருக்கவேணும், அறுவடை முடிஞ்சு நாளைக்கு இருபது வாற காலத்தில வரேல்லையெண்டு எண்ணிக்கொண்டு இருக்கக்கூடாது.

ஏற்கனவே விழுந்த ரெட்டை பில்லுகளை என்ன செய்தியள்? அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது?

இடைவெளி 10 செக்கன் எண்டு தெரிஞ்சதால தேடுறது சுகமாப் போச்சு:

```
SELECT a.id, b.id FROM nirai a JOIN nirai b
ON a.farmer=b.farmer AND a.kg=b.kg AND b.id>a.id
AND TIMESTAMPDIFF(SECOND,a.ts,b.ts) BETWEEN 9 AND 12;
```

பதினொரு சோடி வந்தது. ஒன்பது எங்களுக்குத் தெரிஞ்சது, ரெண்டு ஒருத்தரும் காணாதது. அதைக் கழிச்சுப் பாக்க ஸ்ரோர் மூட்டைக் கணக்கு ஒரு மூட்டையும் பிசகாம வந்து நிண்டது. முதலாளிக்கு அந்த நாலு வரி லொக்கைப் பிரிண்ட் எடுத்துக் குடுத்து, try=1 க்கும் try=2 க்கும் கீழ பேனையால கோடு போட்டுக் காட்டினன், ஒரே ஐடி, ஒருக்காத்தான் அமத்தினது எண்டு. கனநேரம் பாத்தார். பிள்ளை இப்பவும் பெரிய தராசிலதான் நிக்கிறா, வட்டம் சுத்தினா எனக்கு வைபரில எத்தினை மணி எத்தினை நிமிசம் எண்டு அனுப்புவா, டேப் நேரமோ சுவர் மணிக்கூடோ எண்டும் எழுதித்தான்.